மேட்ச் நடுவில் நிற்கும் வீடு: வளரிளம் பருவத்தினரின் கேமிங் கோளாறும் குடும்பவழிச் சிகிச்சையும்

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 11ஆம் பதிப்பு 2019 மே மாதம் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கேமிங் கோளாறு ஒரு நோயாக முதன்முறையாக இடம்பெற்றது இந்தப் பதிப்பில்தான். அதற்கு அது சொல்லும் அடையாளங்கள் மூன்று. எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் ஆடுவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு கைவிட்டுப் போயிருக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம், படிப்பு, உறவு எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி ஆட்டம் முன்னால் வந்திருக்க வேண்டும். கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் ஆட்டம் தொடரவோ கூடவோ வேண்டும். இந்த நிலை பெரும்பாலும் 12 மாதமாவது நீடித்து, வாழ்க்கையின் முக்கியமான பகுதிகளைத் தெளிவாகப் பாதித்திருந்தால்தான் நோய் என்று பெயர் வைக்கலாம். நிலைமை கடுமையாக இருந்தால் மட்டும் இந்தக் காலக்கெடுவைக் குறைத்துக்கொள்ளலாம்.

இந்த விளக்கத்தில் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கு எங்கும் இல்லை. பெற்றோர் மருத்துவரிடம் வந்ததும் முதலில் சொல்வதோ மணிக்கணக்கைத்தான்: "எந்நேரமும் செல்லும் கையுமாத்தான் சார் இருக்கான்." நேரம் ஒரு தடயம்தான். அதை மட்டும் வைத்து நோயை முடிவு செய்யவும் முடியாது, சிகிச்சையை அளக்கவும் முடியாது.

2021இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல நாடுகளின் கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்து, கேமிங் கோளாறு 100 பேரில் சுமார் 3 பேருக்கு இருப்பதாகக் கணித்தது. தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது அது 2 பேராகக் குறைந்தது. ஒரு வகுப்பில் பெரும்பாலான பையன்கள் கேம் ஆடலாம். அவர்களில் நோயாளி என்று சொல்லத்தக்கவர் ஒருவரோ இருவரோதான். ரீல்ஸ், யூடியூப், அரட்டை என்று இணையத்தில் பொழுதைக் கரைப்பதற்கு அந்த வகைப்பாட்டில் தனி நோய்ப் பெயர் கிடையாது. மருத்துவர்கள் அதைச் 'சிக்கலான இணையப் பயன்பாடு' என்கிறார்கள். ஆனால் அதை மதிப்பிடும் விதமும் வீட்டில் செய்ய வேண்டிய வேலையும் ஏறக்குறைய ஒன்றே.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சின்னசேலம் போன்ற ஊர்களில் கேம் என்றால் பெரும்பாலும் செல்பேசியில் ஆடும் துப்பாக்கிச் சண்டைதான். ஃப்ரீ ஃபயரில் 50 பேர் ஒரு தீவில் இறங்குவார்கள், கடைசிவரை மிஞ்சும் அணி வெல்லும், ஒரு மேட்ச் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிஜிஎம்ஐ ஆட்டத்தில் 100 பேர் இறங்குவார்கள், ஒரு மேட்ச் அரைமணி நேரம்வரை இழுக்கும். நான்கு பேர் சேர்ந்தால் ஒரு ஸ்குவாட். நடுவில் எழுந்து போனால் மற்ற மூவரும் தோற்பார்கள், தன் ரேங்க் புள்ளியும் இறங்கும். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதும் "இந்த மேட்ச் முடிஞ்சதும் வரேம்மா" என்று பையன் சொல்வது முழுப் பொய்யல்ல. ஆட்டத்தின் அமைப்பே அவனை அப்படிக் கட்டி வைத்திருக்கிறது. ஆனால் மேட்ச் முடிந்ததும் இன்னொன்று தொடங்கிவிடுகிறது.

வெற்றி எந்த மேட்சில் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. பரிசு எப்போதாவது, எதிர்பாராத நேரத்தில் கிடைத்தால் அதைத் தேடும் நடத்தை எளிதில் அணையாது என்பது உளவியலின் பழைய, உறுதியான கண்டுபிடிப்பு. தினமும் உள்ளே வந்தால் ஒரு பரிசு, சீசன் முடிந்ததும் ரேங்க் இறங்கி மீண்டும் ஏறும் கட்டாயம், பெட்டியைத் திறந்தால் என்ன வரும் என்ற ஆவல் எல்லாமே இந்த விதியின்மேல் கட்டப்பட்டவை. பரிசைத் தேடித் துடிக்கும் மூளைப் பகுதிகள் பதின்ம வயதிலேயே முழு வேகத்தில் இயங்குகின்றன. 'போதும்' என்று நிறுத்தும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. 15 வயதில் பிடி இறுகுவதற்கு இது பாதிக் காரணம். மீதிப் பாதி வீட்டிலும் பள்ளியிலும் இருக்கிறது.

இந்த வட்டாரத்துக்கென்று சில கூறுகளும் உண்டு. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடத்துக்கென்று பல வீடுகளில் செல்பேசி முதன்முதலாகப் பிள்ளைகள் கைக்குப் போனது. அன்று தொடக்கப் பள்ளியில் இருந்தவர்கள் பிறகு பத்தாம் வகுப்புக்கு வந்தபோது, பலரிடம் அந்த ஆண்டுகளில் விட்டுப்போன கணக்கும் வாசிப்பும் அப்படியே நின்றன. தந்தை லாரியிலோ வெளியூர் வேலையிலோ இருக்க, வீட்டை அம்மாவும் ஆயாவும் நடத்துவது இங்கே சாதாரணம். கல்வராயன் மலையிலோ பல ஊர்களில் சிக்னல் சீராகக் கிடைப்பதில்லை. உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளை வாரம் முழுக்கச் செல்பேசியைத் தொடாமல் இருந்துவிட்டு, விடுமுறையில் இறங்கி வந்த நாளெல்லாம் ஆடலாம். சராசரி மணிக்கணக்கு அவனைப் பற்றி எதையும் சொல்லாது. விடுதிக்குத் திரும்பியதும் அவன் இயல்பாகத் தூங்கி, படித்து, பந்தாடுகிறானா என்பதே சொல்லும்.

மதிப்பீடு மூன்று தனித்தனிப் பேச்சுகளாக நடக்க வேண்டும்: பையனோடு தனியாக, பெற்றோரோடு தனியாக, பிறகு எல்லோரும் சேர்ந்து. முதலிலேயே எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்தால் பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான், பெற்றோர் புகார் பட்டியல் வாசிப்பார்கள். பையனிடம் முதல் கேள்வி எவ்வளவு நேரம் என்பதாக இருக்கக் கூடாது. என்ன கேம், யாரோடு, என்ன ரேங்க், ஸ்குவாடில் நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால் அவன் பேசத் தொடங்குவான். ஆட்டம் அவனுக்கு எதைக் கொடுக்கிறது என்பதும் அந்தப் பேச்சிலேயே வெளிவரும்.

வினாத்தாள்களில் பரவலாகப் பயன்படுவது, பாண்டெஸ், கிரிஃபித்ஸ் இருவரும் 2015இல் வெளியிட்ட ஒன்பது கேள்விச் சிற்றளவை. ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 9 முதல் 45 வரை. அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கம் 2013இல் 'மேலும் ஆராய வேண்டியது' என்று குறித்து முன்வைத்த ஒன்பது அளவுகோல்களிலிருந்து அந்தக் கேள்விகள் பிறந்தன. அவற்றில் ஐந்து பொருந்தினால் நோய் என்பது அந்தச் சங்கத்தின் முன்மொழிவு. ஆனால் ஒன்பதும் ஒரே எடை கொண்டவை அல்ல. வரவர அதிக நேரம் தேவைப்படுவது, மனக்கஷ்டத்தை மறக்க ஆடுவது இரண்டும் ஆரோக்கியமாக ஆடும் பிள்ளைகளிடமும் காணப்படும். அவற்றை வைத்து நோயைப் பிரித்தறிய முடியாது என்று 2021இல் துறை வல்லுநர்களிடம் எடுத்த கருத்துத் தொகுப்பு காட்டியது. கட்டுப்பாடு போனதும், கெடுதல் தெரிந்தும் தொடர்வதும், அன்றாட வாழ்க்கை குலைந்ததுமே நம்பத்தக்கவை. எனவே மதிப்பெண் கூடுதலாக வந்தால் இன்னும் ஆழமாக விசாரிக்க வேண்டும் என்று மட்டுமே பொருள்.

அந்த விசாரணையில் தவறவிடக் கூடாதவை தூக்கம், பள்ளி வருகை, பணம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், கவனக்குறைவு மிகைச்செயல் கோளாறு, கற்றல் குறைபாடு, பள்ளியில் கேலியோ அடியோ. கேமிங் கோளாறு தனியாக வருவதைவிட இவற்றில் ஒன்றோடு சேர்ந்து வருவதே அதிகம். எது முன்னால் வந்தது என்பதைக் காலவரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் 3,034 பிள்ளைகளை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியான ஆய்வில், உந்துதலை அடக்க முடியாமையும் பழகும் திறன் குறைவும் ஆட்டம் சிக்கலாவதற்கு முன்பே இருந்தன. மனச்சோர்வும் பதற்றமும் அதற்குப் பின் கூடின. தொடக்கத்தில் சிக்கலில் இருந்தவர்களில் 84 சதவீதம் பேர் இரண்டாண்டு கழித்தும் அப்படியே இருந்தார்கள். 'வயசானா சரியாயிடும்' என்று காத்திருப்பதற்கு இந்த எண் இடம் தரவில்லை.

மதிப்பீடும் சிகிச்சையும் எப்படிப் போகும் என்று காட்ட, சின்னசேலத்துக்குப் பொருந்தும்படி அமைத்துக்கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். பையனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. அப்பா மக்காச்சோள லோடு ஏற்றும் லாரி ஓட்டுநர், வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வீட்டில். அம்மா தையல் வேலை. அப்பாவின் அம்மா, அதாவது ஆயா, கூடவே இருக்கிறார். இரவு இரண்டு மணிவரை ஆட்டம், காலையில் எழ முடியாமல் அந்தப் பருவத்தில் 11 நாள் பள்ளிக்கு விடுப்பு. அப்பாவின் யூபிஐயிலிருந்து டயமண்ட் டாப்-அப்புக்கு 3,400 ரூபாய் போயிருந்தது. அது தெரிந்த அன்று அப்பா செல்பேசியைச் சுவரில் அடித்து உடைத்தார். பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஆயா தன் சேமிப்பிலிருந்து பழைய போன் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அப்பாவுக்கு அது தெரியாது.

சிற்றளவையில் அவன் எடுத்தது 31. மனச்சோர்வு லேசாக உண்டு, தற்கொலை எண்ணம் இல்லை. தனியாகப் பேசியபோது இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு புரியவில்லை. கரும்பலகைக்குக் கூப்பிட்டால் வகுப்பே சிரிக்கும். மற்றொன்று, ஸ்குவாடில் அவன்தான் ஐஜிஎல், எங்கே இறங்குவது, எப்போது தாக்குவது என்று மற்றவர்களுக்கு உத்தரவு தருபவன். பகலில் எதற்கும் உதவாதவன் என்று பெயர் வாங்கியவனின் பேச்சை இரவில் மூன்று பேர் கேட்கிறார்கள். இதை அறியாமல் போனைப் பிடுங்கும் திட்டம் எதுவும் நிலைக்காது.

வீட்டுக்குள் ஓடும் சுழலையும் இதே போலப் பிரித்துப் பார்க்க வேண்டும். "ஏண்டா, இன்னுமா அந்த போன நோண்டிக்கிட்டிருக்க?" என்று அம்மா கத்துகிறார். பையன் பதிலுக்குக் கத்துகிறான். அம்மா குரலை உயர்த்த, அவன் கதவை உதைக்கிறான். அக்கம்பக்கம் கேட்கும் என்று அம்மா அடங்கிப் போகிறார். கத்தினால் விட்டுவிடுவார்கள் என்று பையன் அந்தக் கணத்தில் கற்றுக்கொள்கிறான். விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று அம்மாவும் கற்றுக்கொள்கிறார். இருவருக்கும் உடனடி நிம்மதி கிடைப்பதால் அடுத்த முறை இது இன்னும் வேகமாக நடக்கும். அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் குடும்பங்களை நேரில் கவனித்து விளக்கிய வற்புறுத்தல் சுழல் இதுதான். உடைப்பது, பட்டினி கிடப்பது, ஆயா ரகசியமாக வாங்கித் தருவது எல்லாம் இதன் பெரிய வடிவங்கள்.

திட்டம் 12 வாரம். எட்டு அமர்வுகளில் நான்கு நேரில், நான்கு தொலைபேசியில். லோடு விட்டுவிட்டு அப்பாவும் கூலி விட்டுவிட்டு அம்மாவும் வாராவாரம் கள்ளக்குறிச்சிக்கு வர முடியாது. வர முடியாத திட்டம் திட்டமே அல்ல. முதல் இரண்டு வாரம் பெரியவர்களுக்கு. அப்பா, அம்மா, ஆயா மூவரும் ஒன்றாக உட்கார்ந்து, பையனுக்கு முன்னால் ஒருவர் சொன்னதை மற்றவர் மாற்றுவதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வீட்டில் கடினமான பகுதி ஆயாதான். பேரன் பட்டினி கிடந்ததைப் பார்த்த பயத்தை முதலில் மதித்துக் கேட்க வேண்டும். பிறகு, பணமும் போனும் இனி மூவருக்கும் தெரிந்தே என்ற ஒரு வாக்குறுதியை மட்டும் வாங்கினால் போதும். அப்பா யூபிஐ ரகசிய எண்ணை மாற்றுகிறார். அதே வாரங்களில் பையன், நேரத்தைக் குறைக்கும் கட்டாயமில்லாமல், எப்போது ஆடினான், அதற்கு முன் என்ன நடந்தது என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதுகிறான். எழுதிப் பார்த்ததில் வார நாளில் ஐந்து மணி நேரம், ஞாயிறு ஒன்பது மணி நேரம். கணக்கு வகுப்பு இருந்த நாட்களில் ஆட்டம் கூடியிருந்தது.

மூன்றாம் வாரம் எழுதும் ஒப்பந்தம் தூக்கத்திலிருந்து தொடங்குகிறது. ஆட்டத்தைவிடத் தூக்கத்தை மாற்றுவது எளிது, அதன் பலன் பள்ளி வருகையில் உடனே தெரியும். இரவு 10 மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போனும் அம்மாவின் தையல் இயந்திரத்தருகே சார்ஜில் இருக்க வேண்டும். எல்லாம் என்றால் அப்பாவின் போனும்தான். படுத்துக்கொண்டே ரீல்ஸ் பார்க்கும் அப்பா சொல்லும் விதிக்குப் பையனிடம் மதிப்பிருக்காது. ஆட்ட அளவை நிமிடத்தில் எழுதக் கூடாது, மேட்ச்சில் எழுத வேண்டும்: பள்ளி நாளில் வீட்டுப்பாடம் முடித்த பிறகு நான்கு மேட்ச், ஞாயிறு பத்து. நிமிடத்தில் எழுதினால் மேட்ச் நடுவில் நேரம் முடிந்து தினமும் சண்டை வரும். மேட்ச்சில் எழுதினால் ஆட்டமே நிறுத்துமிடத்தைக் கொடுக்கிறது. மீறினால் மறுநாள் இரண்டு மேட்ச் குறையும், அவ்வளவுதான். ஒரு மாதத்துக்குப் போன் கிடையாது என்ற தண்டனையை யாராலும் நிறைவேற்ற முடியாது. நிறைவேற்றாத தண்டனை சுழலுக்கே தீனி.

ஐந்தாம் வாரத்திலிருந்து ஆட்டம் தந்ததற்கு மாற்று. கணக்கு ஆசிரியரிடம் பேசி, அவனைக் கரும்பலகைக்குக் கூப்பிடுவதை நிறுத்தி, ஆறாம் வகுப்புப் பின்னத்திலிருந்து வாரம் மூன்று நாள் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு. ஸ்குவாடில் இருவர் அதே தெருக்காரர்கள் என்று தெரிந்ததும், மாலையில் அவர்களையே கைப்பந்துக்கு அழைக்க அவனிடமே பொறுப்பு. முடிவெடுத்து உத்தரவு தரும் திறமை அவனுக்கு நிஜமாகவே இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு பயிற்சி: கத்தல் தொடங்கியதும் ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேறுவது. "நாலு மேட்ச் முடிஞ்சுதுப்பா, பத்து மணிக்குப் போன் வெளிய வரணும்." விளக்கமும் சாபமும் வேண்டாம். முதல் வாரங்களில் பையனின் கத்தல் குறைவதற்கு முன் கூடும். இதை அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவைக்காவிட்டால், திட்டம் தோற்றது என்று நினைத்து அவர் பின்வாங்கிவிடுவார்.

பன்னிரண்டாம் வாரத்தில் இரவு 11 மணிக்குள் தூக்கம், கடைசி மாதத்தில் விடுப்பு ஒன்று, சிற்றளவையில் 21. ஆட்ட நேரம் ஒப்பந்த அளவை இன்னும் எட்டவில்லை, வார நாளில் ஐந்து மணியிலிருந்து மூன்றாகத்தான் இறங்கியிருக்கிறது. அப்பாவுக்கு இது ஏமாற்றம் தரலாம். இங்கேதான் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு உதவுகிறது. 12 முதல் 19 வயதுவரையிலான 42 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரின் குடும்பங்களுக்குப் பல்பரிமாணக் குடும்பச் சிகிச்சையும், மற்றவர்களின் குடும்பங்களுக்கு அங்கே வழக்கமான குடும்பச் சிகிச்சையும் கொடுத்தார்கள். ஓராண்டில் இரு பிரிவிலும் நோய் குறைந்தது. முதல் பிரிவில் நோயின் அடையாளங்கள் இன்னும் கூடுதலாகக் குறைந்தன, குடும்பங்கள் பாதியில் விலகுவதும் குறைவு. ஆடும் நேரம் மட்டும் மாறவில்லை. தொடக்கத்தில் பெற்றோர் சிக்கல் பெரிது என்றும் பிள்ளைகள் சிறிது என்றும் சொன்னார்கள். அந்த இடைவெளியும் காலப்போக்கில் குறுகியது. 42 பேர் சிறிய எண்ணிக்கைதான், சிகிச்சையாளர்கள் தனிப் பயிற்சி பெற்றவர்கள். எனவே அதை அப்படியே சின்னசேலத்துக்குப் பெயர்த்துவைக்க முடியாது. ஆனாலும் எதை அளக்க வேண்டும் என்பதில் அந்த ஆய்வு தெளிவு தருகிறது: தூக்கம், வருகை, வீட்டுப் பேச்சு, நிறுத்தும் திறன்.

சில நிலைகளில் இந்த வரிசை பொருந்தாது. தற்கொலை எண்ணம், வீட்டில் ஆயுதம் எடுக்கும் அளவு வன்முறை, பல வாரம் பள்ளியே போகாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். போனை முன்னறிவிப்பின்றிப் பிடுங்குவது அப்போது ஆபத்தானது. கேமிங் கோளாறுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. உடனிருக்கும் கவனக்குறைவுக் கோளாறுக்கோ மனச்சோர்வுக்கோ கொடுக்கும் மருந்து ஆட்டத்தையும் தணிக்கலாம். ஆண்டு விடுமுறையும் புதிய சீசன் தொடங்கும் வாரமும் சறுக்கும் காலங்கள். ஆகவே மூன்றாம், ஆறாம் மாதங்களில் மறுபார்வை தேவை. சறுக்கினால் புதிய விதி எதுவும் வேண்டாம், பழைய ஒப்பந்தத்துக்கே திரும்பினால் போதும்.

சட்டம் இந்த வேலையைச் செய்துவிடும் என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது. ரம்மி போன்றவை அதற்குள் வரும். பரிசுப் பணம் வைக்காத துப்பாக்கிச் சண்டை ஆட்டங்கள் வராது. பப்ஜி 2020 செப்டம்பரிலும் ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியிலும் தடைசெய்யப்பட்டன. பிள்ளைகள் பிஜிஎம்ஐக்கும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸுக்கும் மாறிக்கொண்டார்கள்.

சிகிச்சைக்கான இடங்களைப் பார்த்தால், பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014இலேயே இத்தகைய இணையச் சிக்கல்களுக்கெனத் தனிச் சேவை தொடங்கியது. தில்லி எய்ம்ஸிலும் நடத்தைசார் அடிமைத்தனங்களுக்கான மருத்துவப் பிரிவு இருக்கிறது. சின்னசேலத்திலிருந்தோ வெள்ளிமலையிலிருந்தோ அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை பெரும்பாலான குடும்பங்களுக்கு இல்லை. முதல் படியாகக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ மாவட்ட மனநலத் திட்டத்தையோ நாடலாம். அதற்கும் முன் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழில் பேசலாம். பையன் வர மறுத்தாலும் பெற்றோர் மட்டும் அழைத்துத் தொடங்கலாம்.